ஒரு சர்வே எண், மூன்று பதிவுகள்: சொட்டுநீர் மானியம் யாருக்கு எவ்வளவு என்று எப்படி முடிவாகிறது

சிறு, குறு விவசாயிக்கு சொட்டுநீர்ப் பாசனம் அமைக்க 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். தமிழ்நாட்டில் பல வருடமாக இருக்கும் ஏற்பாடு இது, தோட்டக்கலைத் துறை அலுவலகச் சுவரிலேயே எழுதியிருக்கும். ஆனால் தோட்டத்தில் நிற்கும் ஒருவர் இந்த இரண்டில் எதில் வருவார், எவ்வளவு பரப்புக்கு வருவார், இந்த வருடம் வருவாரா என்பதையெல்லாம் அவருடைய தோட்டத்தைப் பார்த்து யாரும் முடிவு செய்வதில்லை. பட்டா, அடங்கல், முன்பு வாங்கிய மானியத்தின் பதிவு, இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் முடிவாகிறது. தோட்டத்துக்கு ஆள் வந்து பார்ப்பது அதற்கு அப்புறம்.

எங்கள் பக்கம், திண்டுக்கல் மாவட்டத்தில், ஊர்க்காரர்களுக்கு இந்த விண்ணப்பங்களைத் தயார் செய்து கொடுக்கிற வேலையைக் கொஞ்ச வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன். திரும்பி வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை தகுதி இல்லாததால் திரும்புவதில்லை. இந்த மூன்று பதிவுகளும் ஒரே நிலத்தைப் பற்றி மூன்று விதமாகச் சொல்வதால் திரும்புகின்றன. பட்டா நிலவரிக்காகப் பிறந்த கணக்கு, அடங்கல் எந்தப் பயிர் எத்தனை ஏக்கர் என்று அரசு கூட்டிப் பார்ப்பதற்காக எழுதிய கணக்கு, மானியப் பதிவு பணம் போன இடத்தைக் காட்டும் கணக்கு. ஒவ்வொன்றும் வேறு வேலைக்காக, வேறு கையால் எழுதப்பட்டது. அவற்றை ஒன்றாக வைத்து ஒரு ஆளின் தகுதியைத் தேடும்போதுதான் சிக்கல் வெளியே வருகிறது.

2024-ல் பார்த்த ஒரு குடும்பத்தின் கதையை வைத்தே சொல்கிறேன், சர்வே எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறேன். அப்பா பெயரில் 214/2 என்ற புலத்தில் 2.43.0 ஹெக்டேர் புஞ்சை. பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கில்தான் இருக்கும். ஏர்ஸை 2.471-ஆல் பெருக்கினால் சென்ட் வந்துவிடும். 243 ஏர்ஸ் என்றால் 600 சென்ட், அதாவது ஆறு ஏக்கர். அப்பா 2020-ல் காலமானார். மூன்று மகன்கள், ஆளுக்கு இரண்டு ஏக்கர் என்று வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்டு, வரப்பும் போட்டு, தனித்தனியாக வெள்ளாமை செய்துகொண்டிருந்தார்கள். வாரிசுச் சான்றை வைத்துப் பட்டாவை மூன்று பேர் பெயருக்கும் மாற்றினார்கள், ஆனால் உட்பிரிவு செய்யவில்லை. அதனால் கூட்டுப் பட்டா. 2024-ல் நடு மகன் தன் இரண்டு ஏக்கரில் மிளகாய், கத்தரிக்குச் சொட்டுநீர் கேட்டார்.

முதலில் நில அளவு. சிறு விவசாயி என்றால் ஐந்து ஏக்கர் வரை, குறு விவசாயி என்றால் இரண்டரை ஏக்கர் வரை. இவரிடம் கையில் இருப்பது இரண்டு ஏக்கர், சந்தேகமே இல்லாமல் குறு விவசாயி. ஆனால் மானியத்துக்கு வேண்டியது தாசில்தார் தரும் சிறு, குறு விவசாயி சான்று. இ-சேவை மையத்தில் பதிந்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகப் போய் தாசில்தாரிடம் முடியும். கிராம நிர்வாக அலுவலர் பட்டா விவரம் இருக்கும் சிட்டாவைத் திறந்தால் ஒரே பட்டாவில் மூன்று பெயர், கீழே 2.43.0. யாருக்கு எவ்வளவு பங்கு என்று அதில் ஒரு வரிகூட இல்லை. ஆறு ஏக்கர் ஐந்துக்கு மேல். பங்கைக் கணக்குப் போட்டு எழுதிப் பரிந்துரைக்கும் அலுவலர்களும் இருக்கிறார்கள், பட்டாவில் என்ன இருக்கிறதோ அதைத்தான் எழுதுவேன் என்பவர்களும் இருக்கிறார்கள். இங்கே இரண்டாவது வகை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஏனென்றால் நாளைக்குத் தணிக்கையில் ஆறு ஏக்கர் பட்டாவுக்குக் குறு விவசாயி சான்று எப்படிக் கொடுத்தாய் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியது அவர்தான்.

சான்று கிடைக்காவிட்டால் 75 சதவீதத்தில் போகலாம். மதிப்பீடு ஒரு லட்ச ரூபாய் வந்தால் 25 ஆயிரம் கையிலிருந்து போகும். மிளகாய் நாற்றுக்கும் உரத்துக்கும் கடன் வாங்கும் ஒருவரிடம் அந்த 25 ஆயிரம் இருக்காது, அவர் விண்ணப்பமே போடாமல் விட்டுவிடுவார். அப்படி விட்டவர்கள் எந்தக் கணக்கிலும் வர மாட்டார்கள், நிராகரித்த பட்டியலிலும் இருக்க மாட்டார்கள்.

வேறு வழியில்லை என்று சர்வேயருக்குப் பணம் கட்டி உட்பிரிவு கேட்டோம். சர்வேயர் வந்து அளந்து, புலப்படத்தில் கோடு போட்டு, 214/2A, 214/2B, 214/2C என்று மூன்று உட்பிரிவு ஆனது. ஒவ்வொன்றும் 0.81.0 ஹெக்டேர், அதாவது 200 சென்ட். அண்ணன் வாய்ப்பேச்சுப் பாகத்தில் இரண்டு மீட்டர் வரப்பு தள்ளி இருந்ததால் ஒரு நாள் முழுக்கப் பேச வேண்டியிருந்தது, அது தனிக் கதை. தனிப் பட்டா வந்த பிறகு சான்று சுலபமாக வந்துவிட்டது.

இந்த ஐந்து ஏக்கர் கோட்டைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, கோடு எங்கே என்பதே இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். மத்திய அரசின் விதிகள் சிறு விவசாயியை இரண்டு ஹெக்டேர் வரை என்கின்றன, நம் ஊர்ப் பேச்சும் சான்றும் ஐந்து ஏக்கர் என்கின்றன. இரண்டு ஹெக்டேர் என்பது 4.94 ஏக்கர். இடையில் ஏறக்குறைய ஆறு சென்ட். நாலு ஏக்கர் 97 சென்ட் வைத்திருப்பவர் ஒரு கணக்கில் உள்ளே, இன்னொன்றில் வெளியே. முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் இன்னும் வேறு மாதிரி, நஞ்சையாக இருந்தால் இரண்டரை ஏக்கர், புஞ்சையாக இருந்தால் ஐந்து ஏக்கர் என்று பிரிக்கிறது. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் நஞ்சை, புஞ்சை என்பது பழைய நிலவரித் திட்டத்தில் எழுதிய பெயர். அன்றைக்கு ஏரித் தண்ணீர் பாய்ந்த கடைமடை வயல் இன்றைக்கு மூன்று வருடமாகக் காய்ந்து கிடந்தாலும் அது நஞ்சைதான். ஆழ்துளைக் கிணறு போட்டு வருடம் முழுக்கக் காய்கறி எடுக்கும் தோட்டம் புஞ்சைதான்.

இன்னொன்று, இந்தச் சான்று ஒரு ஆளின் மொத்த நிலத்தையும் பார்ப்பதாகத்தான் பெயர், ஆனால் சிட்டாவை மாவட்டம், வட்டம், கிராமம் என்று போய் ஊர் வாரியாகத்தான் தேட முடியும். கிராம நிர்வாக அலுவலருக்குத் தன் ஊர்க் கணக்கு தெரியும். பக்கத்து வட்டத்தில் மாமனார் வழியாக வந்த ஏழு ஏக்கர் அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அதோடு பன்னிரண்டு ஏக்கர்க்காரர் மனைவிக்கும் இரண்டு மகன்களுக்கும் தான செட்டில்மென்ட் எழுதிவிட்டால் நாலு சிறு விவசாயிகள் ஆகிவிடுகிறார்கள், பட்டாவும் தனித்தனியாகச் சுத்தமாக இருக்கும். உண்மையிலேயே இரண்டு ஏக்கர் வைத்திருக்கும், கூட்டுப் பட்டாவைப் பிரிக்கப் பணமில்லாத ஆள் வெளியே நிற்கிறார், ஆலோசனை சொல்ல ஆள் உள்ள குடும்பம் நாலு முறை உள்ளே வருகிறது. நில அளவை வைத்துத் தகுதி பார்ப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பட்டாவின் அளவும் ஒருவரிடம் இருக்கும் நிலத்தின் அளவும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்வதுதான் தப்பு.

நில அளவை வைத்து அரசு இப்படிப் பிரிக்கலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. 2016 மே மாதம் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டபோது அது சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும் என்று இருந்தது. அய்யாக்கண்ணுவின் தேசிய தென்னிந்திய நதிகள் இணைப்பு விவசாயிகள் சங்கம் வழக்குப் போட்டது. வறட்சி வந்தால் ஆறு ஏக்கர்க்காரனுக்கும்தானே நட்டம் என்பது அவர்கள் கேள்வி. 2017 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை எல்லா விவசாயிக்கும் தள்ளுபடி கொடுக்கச் சொன்னது, 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, சிறு, குறு விவசாயிகளைத் தனியாகப் பார்ப்பது செல்லும் என்று தீர்ப்பளித்தது. எனவே கோடு போடும் உரிமை அரசுக்கு உண்டு, அது முடிந்துபோன விவாதம். அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் ஒருவர் நிற்கிறார் என்பதை எந்தக் காகிதம் காட்டுகிறது என்பதுதான் தினமும் நடக்கிற விவாதம்.

சரி, அடங்கலுக்கு வருவோம். கிராமக் கணக்கு எண் 2 என்பதுதான் அடங்கல். பசலி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். ஒவ்வொரு புலத்திலும் அந்தப் பசலியில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, எந்தத் தண்ணீர் ஆதாரம் என்று கிராம நிர்வாக அலுவலர் பயிராய்வு செய்து எழுத வேண்டும். 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை பசலி 1434. நிலம் யாருடையது என்பதைச் சிட்டா சொல்கிறது, அதில் என்ன விளைகிறது என்பதை அடங்கல் சொல்கிறது.

சொட்டுநீருக்கு அடங்கல் ஏன் முக்கியம் என்று பலருக்குப் புரிவதில்லை, வெறும் சம்பிரதாயக் காகிதம் என்று நினைக்கிறார்கள். பயிர் மாறினால் பணம் மாறும். ஒரு ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். கத்தரிக்கு ஒன்றரை மீட்டருக்கு ஒரு லேட்டரல் குழாய் போட்டால் ஒரு ஏக்கருக்கு 2,700 மீட்டர் அளவுக்குக் குழாய் வேண்டும். தென்னை ஏழரை மீட்டர் இடைவெளி, வரிசைக்கு ஒரு குழாய் என்று வைத்தால் 540 மீட்டர் போதும். ஒரே நிலம், ஐந்து மடங்கு வித்தியாசம். மானியத்தின் உச்ச அளவும் பயிர் இடைவெளியை வைத்துத்தான் நிர்ணயமாகிறது. அதனால் அடங்கலில் தென்னை என்றும் விண்ணப்பத்தில் கத்தரி என்றும் இருந்தால் அலுவலர் நிறுத்தித்தான் பார்ப்பார், பார்க்கவும் வேண்டும். காய்கறி என்று காட்டி மானியம் வாங்கித் தென்னந்தோப்பில் நாலு வரிசைக் குழாய் போட்டால் மீதிப் பணம் எங்கே போனது என்ற கேள்வி வருமே.

நம்முடைய நடு மகனுக்கு இதுதான் இரண்டாவது முட்டுக்கட்டை. அப்பா இருந்தபோது ஒரு பகுதியில் தென்னை வைத்திருந்தார். அடங்கலில் 214/2 முழுக்கத் தென்னை என்று ஏறியிருந்தது, ஆறு ஏக்கரும். வருடா வருடம் போன பசலியில் எழுதியது அப்படியே இந்தப் பசலிக்கும் வந்திருக்கிறது. நிரந்தரப் பயிர் என்பதால் யாரும் திரும்பப் போய்ப் பார்க்கவில்லை. ஒரு கிராம நிர்வாக அலுவலரிடம் ஆயிரக்கணக்கான உட்பிரிவுகள் இருக்கும்போது ஒவ்வொன்றிலும் கால் வைத்துப் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. உட்பிரிவு ஆன பிறகு 2B என்று புது எண் வந்துவிட்டது, அடங்கலிலோ பழைய எண்ணுக்குக் கீழேதான் தென்னை. புது எண்ணில் ஒன்றுமே இல்லை.

தீர்வு சிக்கலானதில்லை, நேரம்தான் பிடித்தது. நாற்று நட்டு இருபது நாள் ஆனதும் கிராம நிர்வாக அலுவலரைத் தோட்டத்துக்கு அழைத்துப் போய் காட்டி, 2B-யில் மிளகாய் ஒரு ஏக்கர், கத்தரி ஒரு ஏக்கர், பாசனம் கிணறு என்று அந்தப் பசலிக்குப் பதிவு வாங்கினோம். இங்கே காலக்கணக்கு ஒன்று இருக்கிறது. குழாய் போட்டுவிட்டுப் பயிர் வைப்பவர்களிடம் விண்ணப்பிக்கும் நாளில் நிலத்தில் பயிர் இருக்காது, அடங்கலில் தரிசு என்றுதான் வரும். முதலில் வாய்க்கால் பாசனத்திலேயே ஏதாவது ஒரு பயிர் வைத்து அதை அடங்கலில் ஏற்றிவிட்டு, அதற்கு அப்புறம் விண்ணப்பிப்பது சிரமம் குறைந்த வழி.

2024 நவம்பரில் வேளாண் கல்லூரி மாணவர்களை இறக்கி உட்பிரிவு வாரியாகக் கைப்பேசியில் பயிர்க் கணக்கெடுப்பு நடத்தினார்கள், நிலத்தில் நின்று படம் எடுத்துப் பதிவேற்றும் முறை. மாணவர்களை இதற்கு அனுப்பலாமா என்று அப்போது சத்தம் எழுந்தது, பாம்பும் சேறும் உள்ள இடத்தில் பிள்ளைகளை நிற்கவைத்தது சரியில்லை என்பது என் கருத்தும்கூட. ஆனால் மேசையில் உட்கார்ந்து போன வருடத்தைப் பார்த்து எழுதும் பழக்கத்தை உடைக்க இது மாதிரி ஒன்று வேண்டியதுதான். கவனிக்க வேண்டியது, படம் எடுத்த அன்றைக்கு நிலத்தில் எது இருந்ததோ அதுதான் பதிவு. நாற்பத்தைந்து நாளில் அறுத்து முடிக்கும் கீரை, கொத்தமல்லி போட்டவர்கள் கணக்கெடுக்கும் நாளில் வெறும் மண்ணைக் காட்டுவார்கள். அவர்கள் அடங்கலைத் திறந்து பார்த்துத் திருத்தம் கேட்காவிட்டால் தரிசு என்றே நிற்கும்.

மூன்றாவது, முன்பு வாங்கிய மானியம். எனக்கு இதுதான் மூன்றிலும் கடினமானதாகத் தெரிகிறது, ஏனென்றால் யார் வாங்கினார் என்பதைப் பார்க்க வேண்டுமா, எந்த நிலத்துக்கு வாங்கினார் என்பதைப் பார்க்க வேண்டுமா என்ற கேள்வி இதில் ஒளிந்திருக்கிறது. நுண்ணீர்ப் பாசனத்தில் மானியம் வாங்கிய நிலத்துக்குத் திரும்ப வாங்க ஏழு வருடம் ஆக வேண்டும். முன்பு இது பத்து வருடமாக இருந்தது, குழாயின் ஆயுளைப் பார்த்துக் குறைத்தார்கள். வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும் கிடக்கிற லேட்டரல் பத்து வருடம் தாங்காது என்பது தோட்டம் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். எனவே இங்கே கேள்வி ஆளையும் நிலத்தையும் சேர்த்துத்தான். ஆதாருக்கு எதிராக ஒரு பதிவு, சர்வே எண்ணுக்கு எதிராக ஒரு பதிவு.

அப்பா 2019-ல் 214/2-ல் தென்னைக்கு இரண்டு ஏக்கரில் சொட்டுநீர் வாங்கியிருந்தார். அவர் ஆதார் எண்ணோடு அது போய்விட்டது, மகனின் ஆதாரில் எதுவும் இல்லை. சர்வே எண்ணில் இருக்கிறது. ஆனால் பழைய 214/2 இப்போது கிடையாது, 2A, 2B, 2C தான் உண்டு. புது எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் எதுவும் தட்டாமல் போய்விடும், தாய் எண்ணைப் பார்த்தால் மூன்று உட்பிரிவுமே மாட்டிக்கொள்ளும். இரண்டுமே தப்பு. முதலாவது வழியில் போனால் தென்னைக்குக் குழாய் கிடக்கும் அண்ணன்கூட 2A-க்குப் புதிதாக வாங்கிவிடலாம். இரண்டாவது வழியில் ஒரு மீட்டர் குழாய்கூடப் பார்க்காத தம்பிகளும் 2026 வரை காத்திருக்க வேண்டும்.

எங்கள் விண்ணப்பம் இரண்டாவது வழியில் மாட்டியது. தோட்டக்கலை அலுவலகத்தில் பழைய கோப்பைத் தேடியெடுத்தவர் நல்ல மனிதர், 2019-ல் ஒட்டிய புகைப்படமும் அன்றைக்கு வரைந்த குழாய் வரைபடமும் அதில் இருந்தன. புதுப் புலப்படத்தை அதன் மேல் வைத்துப் பார்த்தபோது தென்னை வரிசை முழுக்க வடக்குப் பக்கம், கிணற்றை ஒட்டி, இப்போதைய 2A-க்குள் விழுந்தது. 2B-யில் குழாய் இல்லை என்று உதவித் தோட்டக்கலை அலுவலர் நேரில் பார்த்து எழுதினார், விண்ணப்பம் நகர்ந்தது. அந்த வரைபடம் கோப்பில் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான், மானியத்தில் குழாய் போட்டால் வேலை முடிந்த அன்றே வரைபடத்தையும் வேலை உத்தரவையும் ஒரு படம் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், பத்து வருடம் கழித்து உங்கள் பிள்ளைக்கு அது தேவைப்படும்.

பிஎம் கிசான் பணத்தில் இதே கேள்வி வேறு விதமாக வருகிறது. வருடம் ஆறாயிரம், மூன்று தவணை. தொடக்கத்தில் இரண்டு ஹெக்டேர் வரை என்று இருந்தது, 2019 ஜூனுக்குப் பிறகு நில அளவு வரம்பே எடுக்கப்பட்டு, நிலம் உள்ள எல்லாக் குடும்பத்துக்கும் என்று ஆனது. அங்கே குடும்பம் என்றால் கணவன், மனைவி, மைனர் பிள்ளைகள். நிலம் 2019 பிப்ரவரி 1 அன்று பதிவில் இருந்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு வாங்கியது, எழுதி வைத்தது எண்ணிக்கையில் வராது, உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்ததற்கு மட்டும் விலக்கு. இந்த மூன்று சகோதரர்களுக்கும் நிலம் வாரிசாக வந்ததால் ஆளுக்கொரு விண்ணப்பம் போட முடிந்தது. அப்பா உயிரோடு இருக்கும்போதே 2020-ல் எழுதி வைத்திருந்தால் ஒருவருக்கும் கிடைத்திருக்காது. சொட்டுநீருக்குப் பட்டா பிரிந்திருப்பது நல்லது, பிஎம் கிசானுக்கு அது எந்தத் தேதியில் எந்த வகையில் பிரிந்தது என்பது முக்கியம். ஒரே பத்திரத்தை இரண்டு திட்டமும் வேறு கண்ணால் பார்க்கிறது.

பதிவுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதையும் அந்தத் திட்டத்திலேயே பார்த்தோம். 2020-ல் தமிழ்நாட்டில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியில்லாதவர்கள் பிஎம் கிசானில் சேர்க்கப்பட்டு, 110 கோடி ரூபாய் வெளியே போனது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று பல மாவட்டங்கள். ஆதாரும் வங்கிக் கணக்கும் உண்மையான ஆட்களுடையவை, அந்தப் பெயரில் நிலம் இருக்கிறதா என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை, அலுவலகத்தின் கடவுச்சொல் வெளியாட்கள் கைக்குப் போய் ஒப்புதலும் அதிலேயே கொடுக்கப்பட்டது. சிபிசிஐடி விசாரித்தது, பணத்தைத் திரும்ப வசூலித்தார்கள். தங்கள் பெயரில் என்ன பதிந்தார்கள் என்றே தெரியாத கூலி வேலைக்காரர்களிடமும் போய் இரண்டாயிரத்தையும் நாலாயிரத்தையும் திருப்பிக் கேட்டார்கள்.

அதன் பிறகுதான் ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு தனி அடையாள எண் என்ற வேலை வேகம் பிடித்தது. 2025 தொடக்கத்தில் ஊர் ஊராக முகாம் போட்டு ஆதார், பட்டா, கைப்பேசி எண் மூன்றையும் இணைத்தார்கள். இது முழுதாக முடிந்தால் ஊர் வாரியாகத் தேடும் குறை பெரும்பாலும் தீரும். ஒருவர் எண்ணை அடித்தால் நாலு ஊரில் உள்ள நிலமும் ஒரே இடத்தில் வரும். பன்னிரண்டு ஏக்கரை நாலாகப் பிரித்த குடும்பத்தை இது பிடிக்காது, ஏனென்றால் அங்கே பட்டாவே நாலு. ஆனால் பக்கத்து வட்டத்து ஏழு ஏக்கர் மறையாது.

முகாமில் நான் நேரில் பார்த்த சிக்கல் பெயர்ப் பொருத்தம். ஆதாரில் தலைப்பெழுத்தோடு ஒரு பெயர், பட்டாவில் தாத்தா பெயரையும் சேர்த்து வேறு எழுத்துக்கூட்டலில் ஒரு பெயர். 1980-களில் நடந்த யூடிஆர் என்ற நிலப்பதிவு மறுசீரமைப்பின்போது பட்டாவில் தப்பாக ஏறிய பெயர்கள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. அந்தத் தப்பால் இவ்வளவு நாள் யாருக்கும் நட்டமில்லை, தீர்வை கட்டினால் போதும் என்று இருந்தது. இப்போது ஒவ்வொரு மானியத்துக்கும் அந்தப் பெயர்தான் வாசல். விண்ணப்பம் போடுவதற்கு ஒரு மாதம் முன்பே eservices.tn.gov.in-ல் உங்கள் சிட்டாவை எடுத்து, பெயரை எழுத்து எழுத்தாக ஆதாரோடு ஒப்பிட்டு, எத்தனை பெயர் இருக்கிறது, மொத்தப் பரப்பு எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். பிறகு இந்தப் பசலியின் அடங்கலில் அதே உட்பிரிவு எண்ணில் உங்கள் பயிர் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகத் தோட்டக்கலை அலுவலகத்தில் பழைய தாய் எண்ணைச் சொல்லி அந்த நிலத்தில் யாராவது, எப்போதாவது வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். புது எண்ணை மட்டும் சொல்லிக் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும்.

இதிலெல்லாம் சேராதவர்கள் குத்தகைக்காரர்கள். சிட்டாவில் உரிமையாளர் பெயர், அடங்கலில் பயிர், இடையில் உழுபவர் பெயருக்கு இடமில்லை. 1969-ல் வந்த குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி குத்தகையைப் பதிந்துவிடலாம், ஆனால் பதிந்தால் நிலம் கையைவிட்டுப் போய்விடும் என்று உரிமையாளர்கள் பயப்படுவதால் பெரும்பாலும் எல்லாம் வாய்மொழிதான். சொட்டுநீருக்குக் குத்தகைதாரரும் விண்ணப்பிக்கலாம், குறைந்தது ஏழு வருட ஒப்பந்தம் காட்ட வேண்டும். வருடா வருடம் பேசி முடிக்கும் குத்தகையில் ஏழு வருடத்துக்கு யார் எழுதிக் கொடுப்பார்கள்?

இது அந்தக் குடும்பத்துக்குள்ளேயே வந்து நின்றது. கடைசித் தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். அவருடைய 2C-யையும் நடு மகன்தான் உழுகிறார், பொங்கலுக்கு வரும்போது தம்பி கையில் ஒரு தொகையைக் கொடுப்பார், காகிதம் எதுவும் இல்லை. கிணறு அண்ணனுடைய 2A-யில் இருப்பதால் தண்ணீருக்கு அண்ணனிடம் சம்மதக் கடிதம் வாங்கினோம், அது ஒரே நாளில் முடிந்தது. தம்பியிடம் ஏழு வருடத்துக்கு எழுதிக் கேட்கலாமா என்று நான் கேட்டபோது நடு மகன் வேண்டாம் என்றார். "எழுதிக் கேட்டா அவன் மனசுல வேற மாதிரி நெனச்சுருவான் தம்பி, அண்ணன் தம்பிக்குள்ள வேணாம்" என்றார். 2B-க்கு நூறு சதவீதத்தில் வேலை முடிந்து, அலுவலர் வந்து அளந்து பார்த்துப் போனார். லேட்டரல் குழாய்கள் எல்லாம் 2C வரப்பு ஓரம் வந்து மடக்கிக் கட்டப்பட்டிருக்கின்றன. அந்தப் பக்கம் அதே கத்தரி, அதே கை, வாய்க்காலில்தான் தண்ணீர் பாய்கிறது.